தொகை சரி, தேதி சரியா? – சங்கக் கணக்குக் கேள்வி-பதில்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பல வருடம் புரட்டிப் பார்த்தவன் என்பதால், காரைக்குடி வட்டாரத்திலிருந்து வரும் கடிதங்களில் பாதி சங்கக் கணக்கைப் பற்றியவையாகவே இருக்கின்றன. இந்த முறை வந்தவற்றில் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன். அனுப்பியவர்களின் பெயரையும் சங்கத்தின் பெயரையும் விட்டுவிட்டேன்.

"பலகாரம் போட்டு விற்கும் பெண்கள் சேர்ந்து நடத்தும் கடன் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறேன். ஜூன் 3 அன்று தவணை 5,000 ரூபாய் கட்டினேன். ரசீதும் அதே தேதியில்தான் இருக்கிறது. பாஸ் புத்தகத்தில் மட்டும் ஜூன் 10 என்று போட்டிருக்கிறார்கள். தொகை சரியாக இருப்பதால் விட்டுவிடலாமா?" – காரைக்குடி வாசகி

விடாதீர்கள் அம்மா. முதலில் உங்கள் ரசீதில் உள்ள வட்டியைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய நகலின்படி கடன் பாக்கி 40,000, வட்டி 12 சதவீதம், முந்தைய தவணை மே 3. மே 3 முதல் ஜூன் 3 வரை 31 நாள்; அதற்கு வட்டி 408 ரூபாய். ரசீதில் அப்படித்தான் இருக்கிறது: வட்டி 408, அசல் 4,592. பாஸ் புத்தகத்திலும் அதே 408தான். ஆனால், நீங்கள் உண்மையிலேயே ஜூன் 10 அன்று கட்டியிருந்தால் 38 நாள் வட்டியாக 500 ரூபாய் பிடித்திருக்க வேண்டும். தேதியை மாற்றியவர் வட்டியை மாற்ற மறந்துவிட்டார். பேரேட்டின் அந்தப் பக்கத்தைப் பார்க்கும் எந்தத் தணிக்கையரும் முதலில் நிற்க வேண்டிய இடம் இதுதான்.

இடையில் என்ன நடந்திருக்கக்கூடும் என்று சொல்கிறேன். 3ஆம் தேதி உங்கள் 5,000 கல்லாவுக்குள் போகாமல் ஒருவர் பைக்குள் போகிறது. 10ஆம் தேதி இன்னொரு உறுப்பினர் 5,000 கட்டுகிறார். அந்தப் பணத்தை உங்கள் பெயரில் வரவு வைத்துவிடுகிறார்கள். 17ஆம் தேதி மூன்றாமவர் கட்டுவது இரண்டாமவர் பெயருக்குப் போகிறது. எல்லோருடைய கணக்கும் கடைசியில் நேராகிவிடும், கொஞ்சம் தாமதமாக. சங்கத்துக்கு வர வேண்டிய 5,000 மட்டும் எப்போதும் யாரோ ஒருவர் தலையில் தொங்கிக்கொண்டே இருக்கும். எடுத்தவர் மறுபடி எடுப்பார். அப்போது தொங்கல் பத்தாயிரமாகும், இருபதாயிரமாகும்.

நான் பார்த்த ஒரு சங்கத்தில் இப்படித்தான் 62,500 ரூபாய் வரை போயிற்று. காசாளர் மூன்று வருடமாக ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. நிர்வாகக் குழு அவரைப் பாராட்டித் தீர்மானமே போட்டிருந்தது! தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போனார். அந்த ஒரு வாரம் அவர் இடத்தில் உட்கார்ந்தவருக்குச் சூது தெரியாது. அன்றன்றைக்கு வந்த பணத்தைக் கட்டியவர் பெயரிலேயே வரவு வைத்தார். அதற்கு முன்பு கட்டியவர்களின் ஓட்டையை அடைக்கப் பணம் வரவில்லை. தவணை தவறிவிட்டதாக அறிவிப்பு போனதும், கையில் ரசீதோடு பதினான்கு பேர் வந்து நின்றார்கள். முருகன்தான் காட்டிக்கொடுத்தார் என்றார்கள் உறுப்பினர்கள். அறிக்கையில் அப்படி எழுத முடியாதே என்று, "காசாளருக்குக் கட்டாய விடுப்பு தரும் வழக்கம் இல்லை" என்று எழுதினேன்.

இதைக் கண்டுபிடிக்க விடுப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ரசீது அடிக்கட்டையை ஒரு பக்கமும் நாள்வழியை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, ஒரு மாதத்து ரசீதுகளுக்கு மட்டும் இரண்டு தேதிகளையும் எழுதி, இடைவெளியை நாள் கணக்கில் போட்டுப் பாருங்கள். அந்தச் சங்கத்தில் அது 4, 7, 7, 11, 16 என்று ஏறிக்கொண்டே போயிற்று. இடைவெளி இருந்தாலே திருட்டு என்று சொல்லிவிடவும் கூடாது. கிராமங்களுக்குப் போய் வசூலிப்பவர் இரண்டு நாள் கழித்துத்தான் அலுவலகத்தில் கட்டுவார். ஆனால், அவர் கட்டும்போது அந்த வசூல் முழுவதும் ஒரே நாளில், அவரவர் பெயரில், ரசீதுகளின் கூட்டுத்தொகைக்கு ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் வரவாகும். இடைவெளியும் மாதத்துக்கு மாதம் வளராது.

மூல ரசீதை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். உங்கள் கடன் பேரேட்டுப் பக்கத்தைக் காட்டும்படி நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் கேளுங்கள்.

"புதிதாகத் தேர்வான நிர்வாகக் குழு உறுப்பினர் நான். கைரொக்கத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். கணக்குப்படி 38,450 இருக்க வேண்டும். எண்ணினால் போதுமா?" – தேவகோட்டை

எண்ணுவது எளிது. எப்போது எண்ணுகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. "வியாழக்கிழமை வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனால் வியாழக்கிழமை பணம் இருக்கும். பக்கத்துக் கடையிலிருந்து கைமாற்று வாங்கி வைத்திருப்பார்கள். சொல்லாமல் போங்கள். பெட்டி, மேசை இழுப்பறை, அதே ஆள் கையில் இருக்கும் வேறு நிதி எதுவானாலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். இல்லையென்றால் இந்தப் பெட்டியின் நோட்டு அந்தப் பெட்டிக்குப் போய்த் திரும்பி வரும். காசாளர் முன்னிலையில், நோட்டு வாரியாக எழுதி, அவரிடம் கைச்சாத்து வாங்குங்கள்.

பெரும்பாலும் என்ன ஆகுமென்றால், நோட்டாக 21,950 இருக்கும். மீதி 16,500க்கு மூன்று துண்டுச் சீட்டுகளை எடுத்து நீட்டுவார்கள். ஒன்று 3,500க்கு மின் கட்டணம், ரசீதோடு. அது அன்றே நாள்வழியில் செலவு எழுதியிருக்க வேண்டியது, சோம்பல், அவ்வளவுதான். இன்னொன்று 4,000க்கு எழுதுபொருள், பில் "வரும்". மூன்றாவது 9,000க்கு முன்பணம், காசாளர் தனக்குத்தானே எழுதிக்கொண்டது, தேதி கிடையாது. தீர்மானம் இல்லாமல், வட்டி இல்லாமல், சங்கப் பணத்தில் அவர் எடுத்துக்கொண்ட கடன் அது. அந்தச் சீட்டு பெட்டிக்குள் விழுந்த நாளிலிருந்து ஒவ்வொரு மாலையும் இருப்பு சரி என்று போட்ட கையெழுத்து எல்லாமே பொய்யாகிறது. துண்டுச் சீட்டை ரொக்கமாக ஏற்காதீர்கள். ரொக்கம் 21,950 என்றே எழுதுங்கள். சீட்டுகளைத் தனியே பட்டியலிடுங்கள்.

சங்கத்தின் வங்கி பாஸ் புத்தகத்தையும் கேளுங்கள். கையில் 38,000 இருப்பதாகக் கணக்கு சொல்லும் நாளில், 15,000 ரூபாய்க் கடன் கொடுக்க வங்கியிலிருந்து 20,000 எடுத்திருக்கிறார்களா? கையில் பணம் உள்ளவன் வங்கிக்கு ஏன் போகிறான்? இப்படி இரண்டு மூன்று நாள் கிடைத்துவிட்டால், அந்த இருப்பு காகிதத்தில் மட்டும் இருந்தது என்று சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. துணைவிதியில் கைரொக்க உச்சவரம்பு என்ன என்பதையும் பார்த்துவிடுங்கள். வரம்புக்கு மேல் தொடர்ந்து இருப்புக் காட்டுவதே ஓர் அறிகுறி.

"எங்கள் சங்கத்தில் மார்ச் 31 அன்று தவணை தவறிய கடன் ஒன்றுகூட இல்லை என்று அறிக்கை வாசித்தார்கள். கண்மாய் வற்றிப்போன வருடம் இது. எனக்கு நம்பிக்கை வரவில்லை." – பள்ளத்தூர்ப் பக்கத்து விவசாயி

நம்பிக்கை வராதது சரிதான். மார்ச் கடைசி வார நாள்வழியைப் பாருங்கள். ஒருவர் 1,00,000 கடனையும் 12,000 வட்டியையும் சேர்த்து 1,12,000 கட்டியதாக வரவு இருக்கும். அதே நாள், அதே ஆளுக்கு, 1,12,000 புதுக் கடன் கொடுத்ததாகப் பற்று இருக்கும். ஒரு நோட்டுகூட அசைந்திருக்காது. சங்கங்களில் இதைப் புத்தகச் சரிக்கட்டு என்பார்கள். பாக்கிப் பட்டியலிலிருந்து அவர் பெயர் போய்விடுகிறது. வராத 12,000 வட்டி, வந்த வருமானமாகிறது. அந்த வருமானத்தைக் காட்டி லாபப் பங்கும் பிரிக்கிறார்கள். உறுப்பினர்களின் வைப்புப் பணத்தை எடுத்து உறுப்பினர்களுக்கே லாபம் என்று கொடுப்பது இது.

மழை பொய்த்தவருக்குத் தவணையை நீட்டிக் கொடுப்பது தவறில்லை. ஆனால், நிர்வாகக் குழு தீர்மானம் வேண்டும். பேரேட்டில் அது பழைய கடனின் தொடர்ச்சி என்று குறித்திருக்க வேண்டும். வராத வட்டியை ரொக்கமாக வந்ததாகக் காட்டக் கூடாது. நேர்மையானதையும் மறைப்பானதையும் பிரிக்கும் கோடு அதுதான். தணிக்கையில் நான் செய்வது இது: மார்ச் கடைசி வாரத்தில் முடிந்த கடன்களையும், அன்றிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை கொடுத்த புதுக் கடன்களையும் ஆள் வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். சிலர் கொஞ்சம் புத்திசாலிகள். மார்ச் 30 அன்று கைமாற்றுப் பணத்தை உண்மையிலேயே கட்டவைத்து, ஏப்ரல் 2 அன்று புதுக் கடனாக எடுத்து, கைமாற்றுக்காரரிடம் திருப்பிவிடுவார்கள். மார்ச் 31 இருப்பை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துபோகும் தணிக்கையர் கண்ணில் இது படாது.

"தனித்தனிக் கடன் கணக்குகளின் கூட்டலுக்கும் பொதுப் பேரேட்டில் உள்ள கடன் தொகைக்கும் 340 ரூபாய் வித்தியாசம். இதற்காக ஆண்டு அறிக்கையை நிறுத்த வேண்டுமா?" – ஒரு சங்கச் செயலர்

எங்கள் ஊர் வட்டிக்கடைகளில் ஐந்தொகை நேராகாமல் கணக்கப்பிள்ளை சாப்பிட எழுந்திருக்க மாட்டார் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த அளவுக்கு உங்களைப் படுத்தவில்லை. ஆனால், 340 என்பது நிகரம். ஒருவர் கணக்கில் 8,000 வரவு வைக்க மறந்து, இன்னொருவர் கணக்கில் 7,660 இருமுறை வரவு வைத்திருந்தாலும் மிஞ்சுவது 340தான். மாத வாரியாகப் பின்னோக்கிப் போய், இரண்டும் கடைசியாக எந்த மாதம் ஒத்துப்போயின என்று பாருங்கள். அதற்கு அடுத்த மாதத்தின் பதிவுகளிலிருந்து சரிபார்க்கத் தொடங்குங்கள். எந்த மாதமும் ஒத்துப்போனதில்லை என்றால், உங்களுக்கு முன்னால் இருந்தவரும் இதே கேள்வியை யாரிடமோ கேட்டிருப்பார்.

"பணம் கையாடப்பட்டால் பொறுப்பு எடுத்தவருக்கு மட்டும்தானா? நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்கிறோம்." – கானாடுகாத்தான்

தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983இல் தணிக்கைக்கு 80ஆம் பிரிவு, விசாரணைக்கு 81ஆம் பிரிவு, இழப்பைப் பொறுப்பானவரிடமிருந்து வசூலிக்கும் தண்டத்தீர்வைக்கு 87ஆம் பிரிவு. கடைசிப் பிரிவு எடுத்தவரோடு நிற்பதில்லை. வேண்டுமென்றே கவனக்குறைவாக இருந்து சங்கத்துக்கு இழப்பு ஏற்படுத்தியவரிடமிருந்தும் வசூலிக்கச் சொல்கிறது. குழுவில் இருப்பவர் அதில் சிக்குவதும் ஒரு தேதியால்தான். மேலே சொன்ன 62,500 ரூபாய் விவகாரத்தில் தலைவர் நாள்வழியில் மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து முப்பது நாள் கையெழுத்தையும் ஒரே பேனாவால் போட்டிருந்தார். அதில் நான்கு நாள் அவர் மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போயிருந்த நாள்கள்.