இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி: கேள்வி பதில்

தண்டையார்பேட்டை தம்பி: வழக்கமா ராத்திரி ஒரு மணிக்குப் படுத்து ஒன்பதுக்கு எழுவேன். நாளன்னைக்கு காலையில 9.30-க்கு கிண்டியில இன்டர்வியூ. நாளைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கே படுத்துடலாமா அக்கா?

படுக்காதீங்க தம்பி. நான் 14 வருஷமா தூக்கப் பரிசோதனைக் கூடத்துல ராத்திரி வேலை பார்க்கிறேன். தலையில ஒயர் ஒட்டி, ஒருத்தர் எப்போ தூங்குறார்னு மூளை அலையை வெச்சுப் பார்க்கிறதுதான் என் வேலை. ஒரு மணிக்குத் தூங்கிப் பழகினவங்களை ஒன்பது மணிக்குப் படுக்க வெச்சா, பன்னெண்டு வரைக்கும் திரையில முழிப்பு அலைதான் ஓடும். வழக்கமா தூங்குற நேரத்துக்கு முந்தின ரெண்டு மூணு மணி நேரம் உடம்புக் கடிகாரம் நம்மளை நல்லா முழிப்பா வெச்சிருக்கும். அந்த நேரத்துல போய்ப் படுத்தா ‘தூக்கம் வரலையே’ன்னு ஒரு புதுப் பயம் சேர்ந்துக்கும். இன்டர்வியூ பயத்தை விட அதுதான் ராத்திரியைத் தின்னும்.

ராத்திரியை விட்டுட்டு காலையைப் பிடிங்க. இன்டர்வியூ அன்னைக்கு ஒன்பது மணிக்கு அங்க இருக்கணும். தண்டையார்பேட்டையில மெட்ரோ ஏறினா வண்டி மாறாம கிண்டியில இறங்கலாம், அதனால 7.45-க்கு வீட்டை விட்டா போதும். எழ வேண்டியது ஆறு மணி. அதே ஆறு மணிக்கு நாளைக்கும் எழுந்திருங்க. இன்னைக்கு ஒரு மணிக்குத் தூங்கினாலும் சரி, அஞ்சு மணி நேரத் தூக்கத்தோட எழுந்து இருபது நிமிஷம் மொட்டை மாடி வெயில்ல நில்லுங்க. மதியம் தூங்காதீங்க. கடைசி டீ மூணு மணிக்கு. இப்படிச் சேர்த்து வெச்ச அசதி நாளைக்கு ராத்திரி பதினொன்றரைக்கெல்லாம் கண்ணை இழுக்கும்.

பத்து மணிக்குப் படிக்கிறதை நிறுத்திட்டு, சட்டை, சர்டிபிகேட் ஃபைல், மெட்ரோ கார்டு எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சிடுங்க. வெதுவெதுப்பான தண்ணியில குளிங்க. தோல் சூடாகி உடம்புச் சூடு வெளியே போகும், அது இறங்கும்போதுதான் தூக்கம் வரும். அப்புறம் ஒரு பேப்பர்ல அஞ்சு நிமிஷம், காலையில செய்ய வேண்டியதை வரிசையா எழுதுங்க. அமெரிக்காவுல பேலர் பல்கலைக்கழகத்துல சோதிச்சு 2018-ல வெளியிட்ட ஆய்வுல, அடுத்து செய்ய வேண்டியதை எழுதினவங்க, செஞ்சு முடிச்சதை எழுதினவங்களை விட சராசரியா ஒன்பது நிமிஷம் முன்னாடியே தூங்கினாங்க. கண்ணு சொக்கின பிறகுதான் பாய்க்குப் போகணும்.

பெரம்பூர்: ஒரே ஒரு நாளைக்கு சளி மாத்திரை, அந்த சிட்ரிசின் போட்டுக்கலாமா? நல்லா தூக்கம் வரும்னு ஃப்ரெண்டு சொன்னான்.

வேண்டாம். அது அலர்ஜிக்கான மருந்து. ராத்திரி பத்து மணிக்குப் போட்டா, காலையில எட்டு மணிக்கும் பாதிக்கு மேல இல்லைன்னாலும் கிட்டத்தட்ட பாதி உடம்புலேயே இருக்கும். கேள்வி காதுல விழும், பதில் வர்றதுக்கு ஒரு நொடி கூடுதலா ஆகும். புது மாத்திரையை முதல் தடவையா முயற்சி பண்ற ராத்திரி இது இல்லை.

மணலி: கம்பெனியில நைட் ஷிஃப்ட் காலையில ஆறுக்கு முடியும், பதினொரு மணிக்கு இன்டர்வியூ. லீவு கிடைக்காது.

முதல்ல, மதியத்துக்கு மாத்தித் தர முடியுமான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க. முடியலைன்னா ஏழிலிருந்து எட்டரை வரைக்கும் தூங்குங்க. ஆழ்ந்த தூக்கத்துல எழுப்பினா அரை மணி நேரம் மந்தமா இருக்கும், அதையும் கணக்குல வெச்சு எழுந்த உடனே முகம் கழுவி வெயில்ல நடங்க. பைக்ல போகாதீங்க. கன்டெய்னர் லாரி ஓடுற ரோட்டுல, ராத்திரி முழுக்க முழிச்ச கண்ணு சில நொடி தானா மூடும், அது உங்களுக்கே தெரியாது. திரையில நான் அதைப் பார்க்கிறேன், ஆனா அந்த ஆளைக் கேட்டா ‘நான் தூங்கவே இல்லை’ன்னுதான் சொல்வார்.

வியாசர்பாடி: இருமல் டானிக் ரெண்டு மூடி குடிச்சா தூக்கம் வரும்தானே?

பெரம்பூர்காரருக்குச் சொன்னதுதான். வேண்டாம்.

ராயபுரம் பெரியவர்: மூணு மணிக்கு மேல டீ கூடாதாம். நான் ஹார்பர்ல வேலை பார்த்த காலத்துல இருந்து நாப்பது வருஷமா ராத்திரி பத்து மணிக்கு டீ குடிச்சிட்டுத்தான் படுக்கிறேன். அஞ்சு நிமிஷத்துல தூங்கிடுவேன். எல்லாம் மனப்பிரமை.

ஐயா, நீங்க சொல்றதுல பாதி சரி. டீயில இருக்கிற கஃபீனை சிலர் உடம்பு சீக்கிரம் கழிச்சிடும், தினமும் குடிக்கிறவங்களுக்கு அது பழகியும் போகும். ஆனா சராசரியா அதுல பாதி கழியவே அஞ்சு மணி நேரம் ஆகும். படுத்த உடனே தூங்குறவங்களுக்கும் ஆழ்ந்த தூக்கம் குறையலாம், நடுவுல முழிப்பு கூடலாம். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?

ராயபுரம் பெரியவர்: ரெண்டு தடவை. அது வயசு.

வயசாவும் இருக்கலாம், டீயாவும் இருக்கலாம். ஒரு வாரம் பத்து மணி டீயை நிறுத்திட்டு எண்ணிப் பாருங்க ஐயா.

புது வண்ணாரப்பேட்டை: பெரியவர் சொல்றதுதான் சரி அக்கா. நான் டீயை நிறுத்தின அன்னைக்குத்தான் தலைவலி வந்து பரீட்சையே போச்சு.

அது வேற விஷயம்மா, அதுவும் உண்மை. தினமும் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா மறுநாள் தலை வலிக்கும். அதனாலதான் காலை டீயை நான் நிறுத்தச் சொல்லவே இல்லை. வழக்கமா ஒரு டம்ளர்னா அன்னைக்கும் ஒரே டம்ளர். தெம்புக்குன்னு மூணு டம்ளர் குடிச்சா நடுக்கம்தான் கூடும்.

ராயபுரம் பெரியவர்: ஒரு வாரம்லாம் முடியாதும்மா. மூணு நாள் பார்க்கிறேன்.

கொருக்குப்பேட்டை அம்மா: வீட்டுக்காரர் குறட்டையில பையனுக்குத் தூக்கமே இல்லை, அவனுக்கு வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. குறட்டை சத்தம் திடீர்னு நின்னுட்டு ‘ஹக்’னு மறுபடி வருது.

அம்மா, பையனை மாடியிலயோ பக்கத்து வீட்டுலயோ படுக்க வைங்க. எனக்குக் கவலை உங்க வீட்டுக்காரர் மேலதான். குறட்டை நடுவுல நின்னு மூச்சுத் திணறலோட திரும்ப வந்தா, மூச்சு அடைபடுதுன்னு சந்தேகப்படணும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட, இப்போ சொன்ன அதே வார்த்தையில சொல்லுங்க. பகல்ல உட்கார்ந்த இடத்துல தூங்குறாரான்னும் கவனிச்சுச் சொல்லுங்க.

திருவொற்றியூர்: எதிர்பார்க்கிற சம்பளம் எவ்வளவுன்னு சொல்றது?

அதே வேலை பார்க்கிற சீனியரைக் கேளுங்க. எனக்குத் தெரியாத விஷயம்.

எண்ணூர்: காலையில வயித்தைக் கலக்குது, கை சில்லுன்னு ஆகுது, உள்ள போறதுக்கு முன்னாடி நாலு தடவை பாத்ரூம்.

அட்ரினலின் ஏறுது. ரத்தம் கைவிரலை விட்டு தசைக்குப் போகும், குடல் வேகமாகும். ‘அமைதியா இரு’ன்னு மனசை அடக்கப் பார்த்தா பெரும்பாலும் அடங்காது, ‘பரபரப்பா இருக்கு, நல்லதுதான்’னு சொல்லிக்கிறது இன்னும் சுலபம். ரிசப்ஷன்ல உட்கார்ந்ததும் மூக்கால ஒரு மூச்சு இழுங்க, அது முடியும் முன்னாடி இன்னும் கொஞ்சம் இழுங்க, அப்புறம் வாயால நீளமா மெதுவா விடுங்க. அஞ்சு நிமிஷம். விடுற மூச்சு இழுக்கிறதை விட நீளமா இருக்கணும், அப்போதான் இதயத் துடிப்பு இறங்கும். தலை சுத்தினா வேகமா பண்றீங்கன்னு அர்த்தம், நிறுத்திடுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு இட்லி போதும், பூரி வேண்டாம்.

மாதவரம்: பதட்டத்துக்கு இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை இருக்காமே, மெடிக்கல்ல கேட்டா தருவாங்களா?

மறுபடியும் மாத்திரையா. ஆஸ்துமா இருக்கிறவங்க அதைப் போட்டா மூச்சுக்குழாய் சுருங்கும். டாக்டர் சீட்டு இல்லாம கேட்காதீங்க. இன்னைக்கு இனிமே மாத்திரை பத்தின கேள்விக்கு பதில் எழுத மாட்டேன்.

காசிமேடு: நடுராத்திரியே மீன் வண்டிச் சத்தம். ரெண்டு மணிக்கு முழிச்சா அவ்வளவுதான்.

ஃபேனை வேகமா வைங்க, காதுல பஞ்சு. அலாரத்தை ரெண்டு போன்ல வெச்சு, ஒண்ணை வீட்டுல வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க.

தண்டையார்பேட்டை தம்பி: அக்கா, நீங்க சொன்னபடியே எல்லாம் செஞ்சும் தூக்கம் வரலைன்னா?

மணியைப் பார்க்காதீங்க. இருபது நிமிஷம் போன மாதிரி தோணினா எழுந்து, சின்ன வெளிச்சத்துல உட்கார்ந்து துணி மடிங்க. போனைத் தொடாதீங்க. கண்ணு சொக்கும்போது திரும்பிப் போங்க, எத்தனை தடவை ஆனாலும் பரவாயில்லை. பரிசோதனைக்கு வர்றவங்க காலையில ‘கண்ணே மூடலை’ன்னு சொல்வாங்க, நான் நாலு மணி நேரத் தூக்கத்தைத் திரையில காட்டுவேன். நாலு மணி நேரத் தூக்கத்தோட ஒருத்தர் அரை மணி நேரம் நல்லா பேசிட முடியும், அட்ரினலின் தூக்கிப் பிடிக்கும். ஆனா மதியத்துக்கு மேல எழுத்துத் தேர்வும் இருக்குன்னா அங்க தடுமாறும். ரெண்டும் ஒரே நாளா?

தண்டையார்பேட்டை தம்பி: ஆமா அக்கா, 2 மணிக்கு டெஸ்ட்.

அப்போ இன்டர்வியூ முடிஞ்சு கொஞ்சமா சாப்பிட்டு, 12.45-க்கு எங்கயாவது உட்கார்ந்தபடியே இருபது நிமிஷம் கண்ணை மூடுங்க. அலாரம் 1.05-க்கு.