பதினாறு என்பது பிள்ளைகளின் கணக்கன்று

“கணவரின் பாட்டியை வணங்கும்போதெல்லாம் ‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழணும்’ என்கிறார். பிள்ளையைப் பற்றிக் கேட்கிறாரோ என்று கூசுகிறது. ‘தேங்க்ஸ் பாட்டி’ என்றால் முகம் வாடிவிடுகிறது. என்ன சொல்வது?”

சகோதரி, அந்தப் ‘பதினாறு’ என்பது பதினாறு வகைப் பேறுகளைக் குறிக்கிறது. பட்டியல் நூலுக்கு நூல் சற்றே மாறினாலும், கல்வி, நீண்ட ஆயுள், நோயற்ற உடல், வஞ்சமில்லாத நட்பு, சலியாத மனம், புகழ் என விரியும் அவ்வரிசையில் மக்கட்பேறு ஒன்றே ஒன்றுதான். ஆகவே அது உங்களிடம் கேட்கும் கேள்வியன்று, உங்களுக்காக வேண்டிக்கொள்வது.

‘தேங்க்ஸ்’ என்பது கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போதும் சொல்லும் சொல்லாகிவிட்டதால், ஆசிக்கு அது ஒட்டுவதில்லை. வணங்கியவுடன் எழுந்துவிடாமல், பாட்டியின் கை உங்கள் தலையைத் தொட்டு விலகும்வரை குனிந்திருங்கள்; திருநீறு இட்டுவிட்டால் நெற்றியைக் காட்டி நில்லுங்கள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, “உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும், பாட்டி” என்று சொல்லுங்கள். அது நாவில் வரவில்லையென்றால் “உங்க ஆசீர்வாதம், பாட்டி” என்பதே போதும். என் பாட்டிக்கு இந்த இரண்டில் ஒன்று காதில் விழுந்த பிறகுதான் தலையிலிருந்து கை எடுக்க மனம் வரும்.

பிள்ளையைப் பற்றி அவர் வெளிப்படையாகவே கேட்டால், அதற்கு வேறொரு வேளையில் தனியாகப் பதில் சொல்லுங்கள். வணங்கும் நேரத்தில் வேண்டாம்.