3^x ஐ வகையிடுமுன் அடியை மாற்றுங்கள்

"சேர், மகள் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிக்கிறாள். 3^x ஐ வகையிட்டு x·3^(x−1) என்று எழுதினாள், பிழை என்று வெட்டிவிட்டார்கள். ரியூட்டரியில் வாங்கிய சூத்திரத் தாளில் 3^x log 3 என்று இருக்கிறது. அதன்படி கல்குலேற்றரில் log அழுத்திப் பார்த்தால் புத்தகத்தின் விடை வரவில்லை. எதை நம்புவது?" (ஒரு தாய், வெள்ளவத்தை)

தாளில் இருப்பது பிழை இல்லை, கல்குலேற்றரும் பிழை இல்லை. log என்ற மூன்று எழுத்தை இருவரும் வெவ்வேறு பொருளில் எழுதுகிறார்கள். அதற்கு வருமுன் மகளின் முதல் விடையைப் பார்ப்போம், ஏனென்றால் உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

x^3 ஐ வகையிட்டால் 3x^2 வரும். சுட்டியைக் கீழே இறக்கி, சுட்டியில் ஒன்றைக் குறைக்கிறோம். இந்த விதி, சுட்டி மாறாத எண்ணாகவும் அடி x ஆகவும் இருக்கும் இடத்துக்கு மட்டும் உரியது. 3^x இல் நிலைமை தலைகீழ்: அடி அசையாமல் நிற்கிறது, சுட்டிதான் நகர்கிறது. இரண்டும் எழுத்தில் ஒரே மாதிரித் தெரிவதால் பிள்ளைகள் பழகிய விதியை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். எத்தனையோ விடைத்தாள்களில் இதே பிழையைக் கண்டிருக்கிறேன்.

வகையிடுமுன் அடியை e ஆக மாற்றச் சொல்லுங்கள். e^x ஐ வகையிட்டால் e^x தான் வரும், வேறொன்றும் முன்னால் ஒட்டிக்கொள்ளாது. அந்த வசதி e என்ற அடிக்கு மட்டுமே உண்டு. இனி 3 ஐ e இன் அடுக்காக எழுதலாம். ln 3 = 1.0986 என்பதன் பொருளே, e ஐ 1.0986 என்ற சுட்டிக்கு உயர்த்தினால் 3 கிடைக்கும் என்பதுதான். ஆகவே

3^x = e^(x ln 3)

இதைச் சங்கிலி விதிப்படி வகையிட்டால், சுட்டியில் x உடன் இருக்கும் ln 3 வெளியே வரும். விடை 3^x · ln 3. இதற்கென்று மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. 3^x என்பது e^x போன்றதே, ஆனால் அதன் சுட்டி 1.0986 மடங்கு வேகமாக ஓடுகிறது. அந்த வேகம்தான் முன்னால் வந்து நிற்கிறது. 2^x ஆக இருந்தால் ln 2 = 0.6931, அதாவது e^x ஐ விட மெதுவான ஓட்டம்.

சரி, இனி log. கீழ் வகுப்பில் மகள் மடக்கை அட்டவணையை lg என்று எழுதிப் பழகியிருப்பாள், அது அடி 10. கல்குலேற்றரில் log என்ற பொத்தானும் அடி 10 தான். ஆனால் வகைநுண்கணிதத்தில் பலர் log என்று வெறுமனே எழுதினால் அடி e என்று பொருள் கொள்கிறார்கள். கல்குலேற்றரில் அதற்கு ln என்ற தனிப் பொத்தான் உண்டு. நீங்கள் அழுத்தவேண்டியது அதுதான். log அழுத்தினால் 0.4771 வரும், ln அழுத்தினால் 1.0986 வரும். இரண்டுக்கும் இடையில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

எது சரி என்று யாரையும் கேட்காமல் வீட்டிலேயே பார்க்கலாம். x = 2 என்று எடுங்கள். 3^2 = 9. அடுத்து 3^2.001 ஐக் கணித்தால் 9.00989 வரும். இடைவெளி 0.00989, அதை 0.001 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9.89. இனி மூன்று விடைகளையும் இதன் அருகில் வையுங்கள். மகளின் x·3^(x−1) தருவது 6. log பொத்தானால் வருவது 9 × 0.4771, அதாவது 4.29. ln பொத்தானால் வருவது 9 × 1.0986, அதாவது 9.89. ஒத்துப்போவது ஒன்றுதான். எந்தச் சூத்திரத்தில் சந்தேகம் வந்தாலும் இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும்.

இந்தத் தாள்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொழும்பில் பரீட்சை நெருங்கினால் "எல்லாச் சூத்திரமும் ஒரே தாளில்" என்று போட்டோகொப்பி விற்பவர்கள் வந்துவிடுவார்கள். எழுதியவர் யார் என்று தெரியாது, வாங்கிக் கைமாற்றுபவருக்குக் கணிதம் தெரியாது. ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குப் பிரதி எடுக்கும்போது ln, log ஆகிறது, log இன் கீழே இருந்த சிறிய அடி காணாமல் போகிறது. என் அக்காவின் மகன் வாங்கிவந்த தாளில் log₁₀ x இன் பெறுதி 1/x என்றே அச்சடித்திருந்தது. அதைப் பாடமாக்கி ஒரு தவணைப் பரீட்சையும் எழுதிவிட்டான். இவர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் வகுப்பிலும் விடையைத்தான் கொடுக்கிறோம், அது எங்கிருந்து வந்தது என்று காட்ட நேரம் ஒதுக்குவதில்லை. அப்புறம் பிள்ளை தாளைத் தேடிப் போகாமல் என்ன செய்யும்?

மடக்கைக்கும் அதே வழிதான். log₁₀ x = ln x / ln 10 என்று முதலில் எழுதவேண்டும். ln 10 வெறும் எண், 2.3026. ln x இன் பெறுதி 1/x என்பதால் விடை 1/(x ln 10). x = 2 இல் இது 0.2171. சோதித்துப் பாருங்கள்: log 2 = 0.3010300, log 2.001 = 0.3012471, இடைவெளியை 0.001 ஆல் வகுத்தால் 0.2171. அக்காவின் மகனுடைய தாள் சொன்னது 0.5. அடுக்கில் ln பெருக்க வருகிறது, மடக்கையில் வகுக்க வருகிறது. இதைப் பிள்ளைகள் மாற்றிப் போடுவது, அடிமாற்றும் வரியை எழுதாமல் நேரே விடைக்குத் தாவும்போதுதான். அந்த ஒரு வரியைக் கொப்பியில் எழுதியே ஆகவேண்டும் என்று சொல்லுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தாள்கள் எல்லாம் இங்கே கைவிட்டுவிடும். அடியிலேயே x இருந்தால் என்ன செய்வது? log_x 3 ஐ எடுங்கள். log₁₀ x இன் விதியைப் பார்த்து, 10 இருந்த இடத்தில் x ஐயும் x இருந்த இடத்தில் 3 ஐயும் வைத்து 1/(3 ln x) என்று எழுதுகிறார்கள். அது பிழை. அந்த விதி அடி அசையாமல் நிற்பதை நம்பி எழுதப்பட்டது, இங்கே அடியே நகர்கிறது. ஆனால் அடிமாற்றும் வரி இங்கும் செல்லும்: log_x 3 = ln 3 / ln x. இம்முறை ln 3 மேலே இருக்கும் மாறிலி, கீழே இருக்கும் ln x தான் மாறுகிறது. வகையிட்டால் −ln 3 / (x (ln x)^2). x = 3 இல் இது −0.303. பிழையான விடை அதே இடத்தில் +0.303 தரும். எண் ஒன்றாகவே இருக்கிறது, குறி மட்டும் மாறிவிட்டது. அதனால் பலர் குறியில் மட்டும்தான் பிழை என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். x = 2 இல் பார்த்தால் உண்மை தெரியும்: சரியான விடை −1.143, பிழையானது +0.481.

குறி ஏன் எதிர் என்பதைக் கணிக்காமலே சொல்லலாம். அடி பெரிதாகப் பெரிதாக, 3 ஐ எட்ட அதற்குத் தேவைப்படும் சுட்டி சிறிதாகிறது. அடி 3 என்றால் 1 வேண்டும், அடி 9 என்றால் அரை போதும்.

அடியிலும் சுட்டியிலும் சேர்ந்தே x வரும் x^x க்கும் இதே கைமருந்துதான், x நேர் எண்ணாக இருக்கும்வரை. e^(x ln x) என்று எழுதி வகையிட்டால் x^x (ln x + 1) வரும். மகளை முதலில் இதைத் தாளைப் பார்க்காமல் செய்யச் சொல்லுங்கள். பிறகு x = 2 இல் 2.001 ஐ வைத்துச் சோதிக்கட்டும், 6.77 ஐ ஒட்டிய எண் வரவேண்டும்.