பாட்டி ‘கன்னு’ என்று எழுதினால் திருத்தலாமா?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வீட்டில் இருக்கும் பாட்டி கைப்பட எழுதிய கடிதத்தைப் பேத்தி திருத்தித் தட்டச்சு செய்கிறாள், ஒவ்வொரு திருத்தத்துக்கும் தயங்குகிறாள். இதுதான் என் சிறுகதை. கடிதத்தில் எத்தனை பிழைகளை விட்டுவைக்கலாம்? பிழை திருத்துபவர் ஒருவரிடம் காசு கொடுத்துத் திருத்தி வாங்கலாமா? (வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: எண்ணிக்கையை விடுங்கள், பிழை காதிலிருந்து வந்ததா, கையிலிருந்து வந்ததா என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய கடிதத்தின் முதல் வரியை எடுத்துக்கொள்வோம்: “கன்னு, இந்த வருசம் பூ மளை தப்பிப் போச்சு, ஏர்க்காடு பஸ் ஏறி சீக்கிரம் வந்து சேறு.”

‘மளை’ காதுப் பிழை. பேச்சில் ழகரம் ளகரமாகிவிடுவதால் பாட்டி கேட்டபடியே எழுதுகிறார். மார்ச், ஏப்ரலில் காப்பி மொட்டு விரியப் பெய்ய வேண்டிய மழையைத்தான் பூ மழை என்கிறார். பேத்தி இதை ‘மழை’ என்று மாற்றினால் பொருள் கெடாது, குரல் மட்டும் கொஞ்சம் தேயும். அதனால் இங்கே சிறிய தயக்கம் போதும். ‘சேறு’ அப்படியன்று. வந்து சேரச் சொன்ன பாட்டி சகதியில் நிற்கிறார்; வாசகர் சிரித்துவிடுவார். பேத்தி முதலில் மாற்ற வேண்டிய சொல் அதுதான்.

உங்கள் கதையின் உயிர் ‘கன்னு’வில் இருக்கிறது. ‘கண்ணு’ என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார் என்பது பேத்திக்குத் தெரியும். ஆனால், மாட்டுக் கன்றையும் நம் பக்கத்தில் ‘கன்னு’ என்றுதானே சொல்கிறோம்? ஒரு சுழி சேர்த்தால் தான் பாட்டியின் கண் ஆகிவிடலாம், சேர்க்காவிட்டால் கன்றாகவே இருக்கலாம் என்று பேத்தி பேனாவோடு உட்கார்ந்திருக்கட்டும். இதற்கு ஒரு பத்தி தாராளமாகக் கொடுக்கலாம்.

‘ஏர்க்காடு’ பிழையே இல்லை என்று வாதிடவும் இடமுண்டு. பலகையிலும் பேருந்திலும் ‘ஏற்காடு’ என்று இருப்பதால் பேத்தி கை தானாகவே றகரத்துக்குப் போகும். ஆனால், ஏரியும் காடும் சேர்ந்து ‘ஏரிக்காடு’ ஆகி, அது சுருங்கித்தான் இந்தப் பெயர் வந்தது என்று மலையில் பரவலாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் ஏரியின் ‘ரி’ தேய்ந்தால் ‘ர்’ ஆகுமே தவிர ‘ற்’ ஆகக் காரணமில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற பாட்டி ஊர்ப் பெயரின் வேரை எழுதிவிட்டார். பட்டம் படித்த பேத்தி பலகையைப் பார்த்து அதை அழிக்கப் பார்க்கிறாள். இந்த ஒரு சொல்லில் அவள் திருத்தி, பிறகு திருத்தத்தையே அடிக்கலாம்.

இன்னொன்று, பாட்டியின் ‘லை’, ‘னை’. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் பள்ளிக்குப் போனவர்கள், இவற்றைத் துதிக்கை போல் வளைந்த கொம்போடு எழுதினார்கள். அது பழைய வடிவமே ஒழியப் பிழையன்று. கணினியில் அதற்குத் தனிக் குறியீடு கிடையாது; எழுத்துரு எந்த வடிவத்தைக் காட்டுகிறதோ அதுதான் தெரியும். எனவே அதை அச்சில் காட்ட மல்லுக்கட்டாமல், பேத்தியின் கண்ணால் வருணித்துவிடுங்கள்.

காசு கொடுத்துத் திருத்தலாமா என்றால், வேண்டாம். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, பிழைத்திருத்தி மென்பொருளில் ஒருமுறை ஓட்டிக் கொடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள். தொகுப்பில் சேர்க்கிறோம், சான்றிதழ் தருகிறோம், இருபது பிரதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவர்களே அடுத்த வலையையும் விரிப்பார்கள். ஒரு தொகுப்பில் என் கதைக் கிழவி சொன்ன ‘மொளகுக் கொடி’யை ‘மிளகாய்க் கொடி’ என்று திருத்தி அச்சிட்டார்கள். மிளகாய் எந்தக் காலத்தில் கொடியில் காய்த்தது? கேட்டதற்கு, பிழையில்லாத தமிழ்தான் விதி என்றார்கள். போட்டி நடத்துகிறவர்களும் இதே விதியை வைத்துக்கொண்டு, பாத்திரத்தின் பிழைக்கு எழுதியவரிடம் மதிப்பெண் குறைக்கிறார்கள். ஒற்று மிகுந்ததா என்று எண்ணுகிற பொழுதில் பாதியைக் கதை படிப்பதற்குச் செலவிட்டால் தேவலை.

ஆகவே நீங்களே செய்யுங்கள். கடிதம் முழுவதையும் கதையில் கொடுக்க வேண்டாம். பேத்தி தயங்கும் நான்கைந்து சொற்கள் உள்ள வரிகள் போதும். பிரதியில் அந்தச் சொற்களின் கீழே புள்ளி வரிசையிட்டு, ஓரத்தில் ‘அப்படியே இருக்கட்டும்’ என்று எழுதி அனுப்புங்கள். மெய்ப்பு வந்ததும் முதலில் கடிதப் பகுதியைப் பாருங்கள். ‘பூ மளை’ அங்கே ‘பூமாலை’ ஆகியிருந்தால், மற்றப் பக்கங்களையும் அந்த மென்பொருள் மேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு, உங்கள் மூலப் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.