பான்முன்ஜோமில் முடிந்தது எது?

அன்புள்ள ஐயா,

கொரியப் போர் சட்டப்படி இன்னும் முடியவில்லை, 1953இல் ஏற்பட்டது வெறும் போர் ஓய்வுதான் என்று அடிக்கடி படிக்கிறேன். அப்படியானால் அங்கே போர்ச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறதா? எல்லையில் நிற்கும் ஒரு சிப்பாய் எதிர்ப்பக்கச் சிப்பாயைச் சுட்டால் அது போர்ச் செயலா, குற்றமா? அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை எதுவும் முடிவதில்லை என்றுதான் கொள்ள வேண்டுமா?

எம்., திருநெல்வேலி

அன்புள்ள எம்.,

1953 ஜூலை 27ஆம் தேதி காலை பத்து மணிக்குப் பான்முன்ஜோமில், ஐ.நா. படைத்தலைமையின் சார்பில் அமெரிக்க லெப்டினன்ட் ஜெனரல் வில்லியம் ஹாரிசனும், வட கொரிய, சீனத் தரப்பின் சார்பில் ஜெனரல் நாம் இல்லும் ஒப்பந்தப் பிரதிகளில் கையெழுத்திட்டார்கள். கைகுலுக்கிக்கொள்ளாமலே பிரிந்து போனார்கள். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது அன்றிரவு பத்து மணிக்குத்தான். இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரத்தில் இரு பக்கப் பீரங்கிகளும் ஓயவில்லை. அன்று இரவு ஒன்பதரை மணிக்குக் குண்டடிபட்டு இறந்த சிப்பாயின் மரணம் எவ்வளவு வேதனையானதாக இருந்தாலும் எந்தச் சட்டத்தையும் மீறியதல்ல. பத்தரை மணிக்கு அதே பதுங்குகுழியில் அதே போல ஒருவர் இறந்திருந்தால் அது ஒப்பந்த மீறல். உங்கள் கேள்விக்கான விடையின் முதல் பகுதி இந்த ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது. போர் ஓய்வு ஒப்பந்தம் நிறுத்துவது சண்டையிடும் உரிமையை. போரின் காரணத்தையோ, எல்லைத் தகராறையோ, யார் முறையான அரசு என்ற கேள்வியையோ அது தொடுவதில்லை. கொரிய ஒப்பந்தத்தின் முகவுரையே, அதன் நிபந்தனைகள் முற்றிலும் இராணுவத் தன்மை கொண்டவை என்று சொல்லிவிடுகிறது.

அதனால்தான் படைத்தலைவர்களின் கையெழுத்து அதற்குப் போதுமானதாக இருந்தது. அமைதி ஒப்பந்தம் அரசுகளுக்கு இடையிலானது, வழக்கமாக ஒப்புறுதியும் தேவைப்படுவது; போர் ஓய்வு, களத்தில் கட்டளையிடும் அதிகாரத்திலிருந்து பிறப்பது. தென் கொரியக் குடியரசுத் தலைவர் சிங்மன் ரீ அதை ஏற்கவில்லை, தென் கொரியா சார்பில் யாரும் கையெழுத்திடவுமில்லை. ஆனால் தென் கொரியப் படைகள் ஐ.நா. படைத்தலைமையின் கட்டளையின் கீழ் இருந்தமையால், அந்தத் தலைமை தந்த வாக்குறுதி அவற்றையும் கட்டுப்படுத்தியது.

இனி எல்லையில் சுடும் சிப்பாய். 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிமுறைகளில் 36 முதல் 41 வரையுள்ள பிரிவுகள் போர் ஓய்வைப் பற்றியவை. அவற்றின்படி, கால வரையறை இல்லாத போர் ஓய்வை, எதிரிக்கு ஒப்புக்கொண்டபடி முன்னறிவிப்புத் தந்துவிட்டு, எந்தத் தரப்பும் எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். ஒரு தரப்பு கடுமையாக மீறினால் மற்றது ஒப்பந்தத்தைக் கைவிடலாம். அவசரமானால் உடனே சண்டையைத் தொடங்கவும் செய்யலாம். ஆனால் தனி ஆள் ஒருவர் தன் விருப்பப்படி மீறினால், அவரைத் தண்டிக்கவோ இழப்பீடு தரவோ கோரும் உரிமை மட்டுமே பாதிக்கப்பட்ட தரப்புக்கு உண்டு. ஒருவரின் தோட்டா ஒரு போரை மீண்டும் எழுப்பிவிடக் கூடாது என்பதற்காகக் கட்டிய இந்த அணையை, அந்த விதிமுறைகளின் மிக விவேகமான பகுதியாக நான் கருதுகிறேன்.

இந்த விதிகள் எழுதப்பட்ட காலத்தில் போர் தொடுப்பது அரசுகளின் உரிமையாக இருந்தது. ஐ.நா. சாசனம் அந்த உரிமையை எடுத்துவிட்டது. தற்காப்பும் பாதுகாப்புச் சபையின் அனுமதியுமே இன்று எஞ்சியுள்ள வாசல்கள். ஆகவே முன்னறிவிப்புத் தந்துவிட்டு மீண்டும் தாக்கலாம் என்ற ஹேக் விதியை அப்படியே எடுத்தாள இன்று இடமில்லை. இதைப் பாதுகாப்புச் சபையே மிகத் தெளிவாக 1951 செப்டம்பரில் தன் 95ஆம் தீர்மானத்தில் சொன்னது. 1949இல் இஸ்ரேலுடன் போர் ஓய்வு ஒப்பந்தம் செய்திருந்த எகிப்து, போர் நிலை நீடிக்கிறது என்று காரணம் காட்டி, இஸ்ரேலுக்குச் செல்லும் சரக்குகளைச் சூயஸ் கால்வாயில் சோதனையிட்டுத் தடுத்துவந்தது. ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளாக நிலவும் போர் ஓய்வு நிலையான தன்மை உடையது, எனவே எந்தத் தரப்பும் தன்னைப் போரிடும் தரப்பாகக் கருதிக்கொண்டு கப்பல்களை நிறுத்திச் சோதிக்க உரிமை கோர முடியாது என்று சபை கூறியது. கொரியாவில் கழிந்திருப்பது எழுபது ஆண்டுகளுக்கும் மேல். கொரிய ஒப்பந்தத்தின் 62ஆம் பத்தி, இரு தரப்பும் ஏற்கும் திருத்தமோ அரசியல் மட்டத்திலான அமைதித் தீர்வோ வெளிப்படையாக அதன் இடத்தைப் பிடிக்கும்வரை ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் என்கிறது. 2013இல் வட கொரியா அது செல்லாது என்று அறிவித்தபோது, ஒருதலையாக அதை முறிக்க முடியாது என்று ஐ.நா. தரப்பில் சொல்லப்பட்டதற்கு இதுதான் அடிப்படை.

அப்படியானால் அந்தச் சிப்பாயின் தோட்டா போர்க்குற்றமா? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். போர் ஓய்வை மீறுவது ஒரு மீறல்; போரின் நடத்தை விதிகளை மீறுவது இன்னொன்று. 2010 மார்ச்சில் தென் கொரியப் போர்க்கப்பல் சோனான் மூழ்கி 46 மாலுமிகள் இறந்தார்கள். வட கொரிய நீர்மூழ்கியின் குண்டுதான் காரணம் என்பது தென் கொரியா அமைத்த பன்னாட்டு விசாரணைக் குழுவின் முடிவு, வட கொரியா அதை மறுக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் வட கொரியப் பீரங்கிகள் யோன்பியோங் தீவைத் தாக்கியதில் இரண்டு கடற்படைவீரர்களும் இரண்டு குடிமக்களும் இறந்தார்கள். இவற்றைப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் அலுவலகம் ஆராய்ந்து, 2014இல் வழக்குத் தொடர அடிப்படை இல்லை என்று முடித்தது. போர்க்கப்பல் ஓர் இராணுவ இலக்கு. இராணுவத் தளமும் குடியிருப்பும் சேர்ந்திருந்த தீவில், குடிமக்களே குறிவைக்கப்பட்டார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. போர் ஓய்வை மீறியதும், சாசனத்துக்கு முரணாகப் படைபலத்தைப் பயன்படுத்தியதும் அரசின் பொறுப்பாக எஞ்சுகின்றன. அவை மட்டும் ஒரு படைவீரனைப் போர்க்குற்றவாளி ஆக்குவதில்லை. எதிரியை அசரவைத்துத் தாக்கும் எண்ணத்துடனே போர்நிறுத்தம் பேசி உடன்படுவது இதில் சேராது. அது வஞ்சகம், போர்ச் சட்டம் தானே அதைத் தடை செய்கிறது.

உங்கள் கடைசிக் கேள்விக்குக் கொரியாவின் போர்க்கைதிகளைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை. 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, போர் ஓய்வு ஒப்பந்தத்தில் ஏற்பாடு இல்லாவிட்டால் கைதிகளை அமைதி ஏற்பட்டபின் கூடிய விரைவில் அனுப்பச் சொன்னது. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் ஜெர்மனியின் சரணடைவோடு முடிந்தது, அதனுடன் அமைதி ஒப்பந்தமோ வரவேயில்லை. ஜெர்மானியக் கைதிகளில் ஒரு பகுதியினர் சோவியத் முகாம்களிலிருந்து திரும்ப 1956 ஆரம்பம் வரை ஆயிற்று. போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியும் பலர் திரும்பாதிருந்த அனுபவத்தை வைத்துத்தான் 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 118ஆம் பிரிவு, தீவிரச் சண்டை ஓய்ந்ததும் தாமதமின்றிக் கைதிகளை விடுவித்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எழுதப்பட்டது. அமைதி ஒப்பந்தத்துக்கு அங்கே இடமே இல்லை. துப்பாக்கிகள் ஓய்ந்தனவா என்பது மட்டுமே கேள்வி.

கொரியாவில் எதிர்பாராத சிக்கல் ஒன்று எழுந்தது. ஐ.நா. தரப்பின் முகாம்களில் இருந்த வட கொரிய, சீனக் கைதிகளில் பல்லாயிரம் பேர் தாயகம் திரும்ப மறுத்தார்கள். 118ஆம் பிரிவு அனுப்பியே ஆக வேண்டும் என்கிறது என்றது ஒரு தரப்பு; விரும்பாதவரைப் பலவந்தமாக ஏற்றி அனுப்புவது அந்தப் பிரிவின் நோக்கமல்ல என்றது மறுதரப்பு. இந்த ஒரு கேள்வியே போர் ஓய்வை ஓராண்டுக்கும் மேல் தள்ளிப்போட்டது, அதற்குள் இரு பக்கமும் இறந்தவர்கள் ஏராளம். கடைசியில் வழி இப்படி அமைந்தது: திரும்ப விரும்புவோர் அறுபது நாட்களுக்குள் நேரே அனுப்பப்படுவார்கள், மற்றவர்கள் ஐந்து நடுநிலை நாடுகளின் ஆணையத்திடம் ஒப்படைக்கப்படுவார்கள், தொண்ணூறு நாட்கள் அவரவர் நாட்டுப் பிரதிநிதிகள் வந்து அவர்களிடம் விளக்கம் சொல்லலாம். ஆணையத்தின் தலைமை இந்தியாவுக்கு, ஜெனரல் திம்மையாவுக்கு. கைதிகளைக் காத்ததும் இந்தியப் படையே. இந்தியச் சிப்பாய்கள் தென் கொரிய மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று சிங்மன் ரீ பிடிவாதம் பிடித்ததால், கப்பலிலிருந்து ஹெலிகாப்டர்களில் அவர்களை இராணுவமற்ற பகுதிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பெரும்பாலான கைதிகள் விளக்கம் கேட்கவே மறுத்தார்கள். இரு தரப்புக்கும் போக விரும்பாத 88 பேர் 1954 பிப்ரவரியில் இந்தியப் படையோடு கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். அவர்களில் பலர் பின்னர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள்.

அதே இந்தியா 1971 டிசம்பர் 17இல் சண்டை நின்ற பிறகும் ஏறத்தாழ 93,000 பாகிஸ்தானியரை நீண்ட காலம் வைத்திருந்தது. அரசியல் காரணங்கள் இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. 118ஆம் பிரிவு அத்தகைய காரணங்களுக்கு இடம் வைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆக, அமைதி ஒப்பந்தத்துக்கு என்ன வேலை? 1979இல் எகிப்தும் இஸ்ரேலும் செய்துகொண்டதைப் போல, போர் நிலை முடிகிறது என்று அது வெளிப்படையாக அறிவிக்கிறது, எல்லையையும் தூதரக உறவையும் நிர்ணயிக்கிறது. போர்ச் சட்டம் அதற்காகக் காத்திருப்பதில்லை. படை நடவடிக்கைகள் பொதுவாக முடிந்ததும் அதன் பெரும்பகுதி ஓய்கிறது. காவலில் உள்ளவருக்கான பாதுகாப்பு அவர் விடுதலையாகும்வரை நிற்கிறது. மீண்டும் இரு படைகள் மோதினால், எந்த அறிவிப்பும் இல்லாமலே முழுதும் திரும்பி வருகிறது. யோன்பியோங்கில் முதல் குண்டு விழுந்தபோது நடந்தது அதுதான்.

இதன் மறுபக்கத்தைத் தமிழர்கள் அருகிலேயே கண்டிருக்கிறோம். 2002 பிப்ரவரியில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் செய்துகொண்ட போர்நிறுத்த உடன்பாட்டில், விலக விரும்பும் தரப்பு நார்வே அரசுக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. 2006 நடுப்பகுதியில் மாவிலாறில் முழு அளவுச் சண்டை தொடங்கிவிட்டது; அரசு முறையான அறிவிப்பைத் தந்ததோ 2008 ஜனவரியில். இடைப்பட்ட காலம் முழுவதும் தாளில் போர்நிறுத்தம், தரையில் போர். அந்தக் காலத்தில் கொல்லப்பட்ட குடிமக்களுக்கும் பிடிபட்டவர்களுக்கும் உரிய பாதுகாப்பைத் தீர்மானித்தது தரைதான். உள்நாட்டுப் போரிலும் கடைப்பிடிக்க வேண்டிய குறைந்தபட்ச விதிகளைச் சொல்லும், ஜெனீவா உடன்படிக்கைகள் நான்குக்கும் பொதுவான மூன்றாம் பிரிவு இரு தரப்பையும் ஒரு நாளும் விடாமல் கட்டுப்படுத்தியது. காணாமல் போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கண்டறிந்து உறவினருக்குச் சொல்லும் கடமையும், சண்டை முடிந்ததால் தீர்ந்துபோகாத கடமைகளுள் ஒன்று.