பாரமான டிரெய்லருடன் மலையேற எந்த எஞ்சின் ஆயில்?

கேள்வி: என் காருக்கு 5டபிள்யூ-30 ஆயில். நிறைய பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுத்து மலை ஏறணும். கெட்டியான ஆயில் போடலாமா? எப்போ மாத்தணும்?

பதில்: முதலில் கார் கையேட்டைப் பாருங்கள். அதில் 40 கிரேடும் அனுமதிக்கப்பட்டிருந்தால் 5டபிள்யூ-40 போடுங்கள். மெதுவாக ஏறும்போது எஞ்சின் முழு விசையில் உழைக்கும், காற்றோட்டமோ குறைவு. ஆயில் சூடேறி நீர்த்து, பேரிங்குகளுக்கு இடையிலுள்ள படலம் மெலிகிறது. 110 டிகிரியில் 30 கிரேடுக்கு இருக்கும் தடிப்பு, 40 கிரேடுக்கு ஏறத்தாழ 120 டிகிரியிலும் இருக்கும். கிடைப்பது அந்தப் பத்து டிகிரி அவகாசம்தான். கையேடு 30 கிரேடு மட்டும் என்றால் அதிலேயே இருங்கள். டீசல் புகை வடிகட்டி உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம். இல்லையேல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

கிரேடைவிட கியர் முக்கியம் என்பேன். குறைந்த சுழற்சியில் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்தால் எந்த ஆயிலும் படலத்தைக் காக்காது. கியரைக் குறைத்து எஞ்சினைச் சுழல விடுங்கள்.

சூட்டில் ஆயில் சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. கையேட்டில் 'கடும் பயன்பாடு' இடைவெளி இருக்கும். அது இல்லையென்றால் பாதியாக்குங்கள்: 15,000 கி.மீ. என்பது 7,500. ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஏறும் முன் டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டருகே ஆயில் இருக்கட்டும், அதைத் தாண்ட வேண்டாம். கிராங்க் கடைந்து நுரையாக்கிவிடும். ஏறி முடித்து ஐட்லிங்கில் பிரஷர் விளக்கு மினுக்கினால் உடனே எஞ்சினை அணைத்து அளவைப் பாருங்கள்.