கறுப்பு வேட்டியின் மடிப்பு தெரியணும், முகம் சாம்பல் பூக்கக் கூடாது: கேள்வி பதில்

கும்பகோணம், ஸ்டுடியோ வைத்திருப்பவர்: அண்ணே, மார்கழியில் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் ஐயப்ப சாமிகள் குரூப் போட்டோ எடுத்தேன். பின்னால் ஆறும் வானமும் நல்ல வெளிச்சம். வேட்டி எல்லாம் கரிக்கட்டியாக இருக்கு. லைட்ரூமில் Shadows 70 வரைக்கும் ஏற்றினால் மடிப்பு தெரியுது, ஆனா முகமும் தோளும் சாம்பல் பூசின மாதிரி ஆகுது. ரா ஃபைல்தான், ISO 400.

ரா ஃபைல், அதுவும் ISO 400 என்றால் பாதிக் கவலை போச்சு தம்பி. Shadows-க்கு எது துணி, எது தோல் என்று தெரியாது. அது பார்ப்பது இருட்டு அளவு மட்டும்தான். நம்மூர் மாநிறத்தில் தாடைக்குக் கீழே, கழுத்து மடிப்பில், அக்குளில் விழுகிற நிழலும், வெளிச்சம் பட்ட கறுப்பு வேட்டி மடிப்பும் ஏறக்குறைய ஒரே இருட்டில் இருக்கும். அதனால் இரண்டும் சேர்ந்தே ஏறும். முகத்துக்கு வடிவம் கொடுப்பதே அந்த நிழல்கள்தான். அவை ஏறியதும் முகம் தட்டையாகிவிடும்.

நிறம் போவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பலர் Shadows போதவில்லை என்று Blacks-ஐயும் ஏற்றுவார்கள், இல்லையென்றால் Tone Curve-இன் இடது கீழ் முனையைத் தூக்குவார்கள். கழுத்து நிழலில் சிவப்பு 60, பச்சை 38, நீலம் 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். முனையைத் தூக்கினால் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு கூடும். 20 கூடினால் 80, 58, 48. முன்பு சிவப்பு நீலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது, இப்போது ஒன்றே முக்கால் மடங்குகூட இல்லை. தோலின் சூடு குறைந்து சாம்பல் தெரிவது இதனால்தான். Exposure அப்படி இல்லை, மூன்றையும் பெருக்கும். ஒன்றரை மடங்கு என்றால் 90, 57, 42. விகிதம் மாறவில்லை, அதனால் நிறமும் நிற்கும். நிஜத்தில் மென்பொருளுக்குள் இன்னும் சில வளைவுகள் வந்து சேரும், எண்கள் இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனால் போகிற திசை இதுதான்.

உங்கள் படத்துக்கு நான் செய்வது இப்படி. பொதுவான Shadows-ஐ 10, 15-இல் நிறுத்துங்கள். Blacks-ஐத் தொடாதீர்கள். அப்புறம் Masking-இல் Brush எடுத்து வேட்டி, துண்டு, கறுப்புச் சட்டை மேல் மட்டும் தாராளமாகப் பூசுங்கள். கையும் தோளும் கொஞ்சம் உள்ளே வந்தால் பரவாயில்லை. பிறகு அதே மாஸ்க்கில் Subtract, அதில் Color Range போய்த் தோல் மேல் ஒரு கிளிக், Shift பிடித்துக்கொண்டு நிழல் பக்கத் தோல் மேல் இன்னும் இரண்டு கிளிக். தோலுக்கு நிறம் உண்டு, கறுப்புத் துணிக்குக் கிட்டத்தட்ட இல்லை. அதனால் இருட்டு அளவை வைத்துப் பிரிக்க முடியாததை நிறத்தை வைத்துப் பிரித்துவிடலாம். துளசி மாலையும் சேர்ந்து கழிந்துவிடும், அதுவும் நல்லதுதான்.

இப்போது அந்த மாஸ்க்கில் Exposure +1.2 கொடுங்கள். கூடவே Blacks-ஐ -8 போல இறக்குங்கள். ஏற்றிவிட்டு ஏன் இறக்குகிறோம் என்றால், மடிப்பின் ஆழம் கறுப்பாகவே இருந்தால்தான் பார்ப்பவருக்கு அது கறுப்புத் துணி. எல்லாம் ஏறினால் பழைய கரும்பலகை நிறம் வந்துவிடும். ஹிஸ்டோகிராமுக்குக் கீழே சதவீதம் காட்டும், பாருங்கள். வெளிச்சம் பட்ட மடிப்பு 8-இல் இருந்தால் 13 பக்கம் வரட்டும், ஆழமான மடிப்பு 2, 3-ஐத் தாண்ட வேண்டாம்.

கடைசியாக 100% பெரிதாக்கி, வேட்டி மேல் கை வைத்திருப்பவர்களின் விரல் ஓரத்தைப் பாருங்கள். அங்கே வெளிறிய கோடு தெரிந்தால் Color Range-இன் Refine-ஐ நகர்த்திச் சரிசெய்யுங்கள். மாஸ்க் சரியில்லை என்றால் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த இடம்தான்.

மன்னார்குடி: சார், நாய்ஸ் வர்றது ISO-வாலதானே? எப்பவும் 100-லேயே எடுத்துட்டு வீட்ல வந்து ஏத்திக்கிட்டா நாய்ஸே வராதுன்னு சொல்றாங்க.

பாதி சரி. நாய்ஸ் வருவது வெளிச்சம் குறைவாகச் சேர்ந்ததால். வெளிச்சம் குறைந்த இடத்தில்தான் ISO-வைக் கூட்டுகிறோம், அதனால் பழி அதன் மேல் விழுகிறது. கல்யாண மண்டபத்தில் ஷட்டரும் அபெர்ச்சரும் மாறாமல் ISO-வை மட்டும் 100-க்கு இறக்கினால் சென்சாருக்குக் கூடுதலாக ஒரு துளி வெளிச்சமும் வராது.

ஒரு நடைமுறைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டாப் ஏற்றுவது, அந்த இடத்தை இரட்டிப்பு ISO-வில் எடுத்தது போலத் தெரியும். கும்பகோணத்துத் தம்பியின் வேட்டி, ISO 400-இல் 1.2 ஸ்டாப் ஏறியபின், 900 சுமாரில் எடுத்தது போல இருக்கும். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதே ஏற்றத்தை ரிசப்ஷனில் 6400-இல் எடுத்த கறுப்புக் கோட்டுக்குக் கொடுத்தால் 14,000-ஐத் தொடும். அங்கே அரை ஸ்டாப்போடு நிறுத்திவிடுவேன். கோட்டின் காலர் ஓரமும் பட்டனும் தெரிந்தால் போதும்.

சில கேமராக்களில் குறைந்த ISO-வில் எடுத்து ஏற்றினாலும், கேமராவிலேயே ISO கூட்டினாலும் விளைவு கிட்டத்தட்ட ஒன்றுதான். சிலவற்றில் பின்னால் ஏற்றியது மோசமாக இருக்கும். உங்களுடையதில் ஒரு கறுப்புத் துண்டை இரண்டு விதமாகவும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று: கேனானில் Highlight Tone Priority போட்டிருந்தால் அது உள்ளுக்குள் ஒரு ஸ்டாப் குறைத்தே பதிவு செய்யும். வெள்ளைச் சட்டைக்கு நல்லது, கறுப்புத் துணிக்கு அந்த ஒரு ஸ்டாப் நஷ்டம்.

மயிலாடுதுறை, ஆல்பம் டிசைனர்: போட்டோஷாப் Shadows/Highlights-ல Color-னு ஒரு ஸ்லைடர் இருக்கே. அதைக் கூட்டினா தோல் நிறம் திரும்பிடும். இவ்வளவு மாஸ்க் எதுக்கு? நான் அப்படித்தான் பண்றேன், கஸ்டமர் யாரும் கேட்டதில்ல.

தோலுக்கு வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அது ஏறிய இடம் எல்லாவற்றுக்கும் நிறம் கூட்டும், துணி உட்பட. விரத காலம் முழுக்க ஆற்றில் நனைத்துத் துவைத்த வேட்டி கறுப்பாகவா இருக்கும்? சிலது செம்பழுப்பு, சிலது நீலம். இருட்டில் இருந்தவரை தெரியாது. ஏற்றி நிறமும் கூட்டினால் பத்து சாமிக்குப் பத்துக் கறுப்பு. மாஸ்க் இருந்தால் அதற்குள் Saturation-ஐ -25 வைத்து எல்லோரையும் ஒரே கறுப்பில் நிறுத்தலாம். நிழலில் சிதறும் ஊதா, பச்சைப் புள்ளிகளும் அந்த இறக்கத்திலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். மிச்சம் இருக்கிற மணலுக்கு மாஸ்க்கில் உள்ள Noise-ஐ 20, 25 கொடுத்தால் போதும். அங்கே Clarity, Texture இரண்டையும் ஏற்றாதீர்கள். துணியின் நெசவு வருகிறது என்று நினைப்போம், வருவது நாய்ஸ்தான்.

ஒருவர் மட்டும் இருக்கிற, பகலில் எடுத்த படம் என்றால் உங்கள் வழியே வேகம். குரூப்புக்கு நான் மாற மாட்டேன்.

மயிலாடுதுறை, அதே நபர்: சரி. ஆனா ஆல்பம் பிரிண்ட்ல நீங்க சொல்ற 13% எல்லாம் மறுபடி கறுப்பாத்தான் வரும். நான் 20-க்குக் கீழ விடறதில்ல.

அது உங்கள் லேபையும் தாளையும் பொறுத்தது. பளபளப்புத் தாளில் 13 எனக்குத் தெரிகிறது, மேட்டில் கொஞ்சம் அமுங்கும். மானிட்டர் வெளிச்சத்தை முழுக்க வைத்துக்கொண்டு வேலை செய்தாலும் பிரிண்ட் இருட்டாகத்தான் தோன்றும், அதையும் பாருங்கள். ஒரே படத்தின் வேட்டிப் பகுதியை 10, 13, 16, 20 என்று வரிசையாக வைத்து ஒரு தாள் போட்டுப் பார்ப்பதுதான் வழி. உங்கள் லேபுக்கு 20 சரியாக இருக்கலாம்.

திருவாரூர்: ஐயா, என் தங்கச்சி கொஞ்சம் கறுப்பு. நிச்சயதார்த்த போட்டோவில் முகத்தை வெளுப்பாக்க எந்த ஸ்லைடர்?

இங்கே பேசுவது கறுப்புத் துணியைப் பற்றி. தங்கச்சி முகம் இருட்டாக விழுந்திருக்கிறது என்றால் முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு Exposure +0.3, +0.4. வெளுக்க வைக்கப் போனால் மேலே சொன்ன சாம்பல்தான் வரும்.

நாகூர், புகைப்படக்காரர்: அண்ணன், நிக்காஹ்வுக்குப் பெண்கள் பக்கம் நான்தான் எடுக்கிறேன். கறுப்பு அபாயா, அதில் கறுப்பு நூல் வேலைப்பாடு. எவ்வளவு ஏற்றினாலும் வேலைப்பாடு தெரியவில்லை, சாம்பல் துணியாகத்தான் வருகிறது.

ஃபிளாஷை கேமரா மேலேயே வைத்து நேராக அடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன் தங்கச்சி. கறுப்பு மேல் கறுப்பு நூல் என்றால் நிறத்தில் வித்தியாசமே இல்லை. மினுமினுப்பில்தான் வித்தியாசம். துணி வெளிச்சத்தை விழுங்கும், நூல் ஒரு கோணத்தில் மட்டும் திருப்பிவிடும். நேர் ஃபிளாஷில் அந்தத் திருப்பம் பெரும்பாலும் உங்கள் லென்ஸுக்கு வராது. ஃபைலில் பதிவாகாத வித்தியாசத்தை எந்த ஸ்லைடரும் கொண்டுவராது.

மணப்பெண்ணை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், ஜன்னல் அவருக்குச் சற்றே பின்னால் வருகிற மாதிரி நிறுத்துங்கள். வெளிச்சம் துணியை உரசிக்கொண்டு உங்கள் பக்கம் வரும், நூல் ஒவ்வொன்றும் கோடாகத் தெரியும். முகத்தின் முன்பக்கம் இருட்டும். அதற்கு ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை எதிர்ப்பக்கம் மார்பு உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். இப்படி எடுத்த படத்தில் துணியை அரை ஸ்டாப் ஏற்றினாலே போதும். சில நேரம் அதுவும் வேண்டாம், வேலைப்பாடு உள்ள இடத்தில் மட்டும் Contrast +15.

ஒரு விஷயம் கவனியுங்கள். அபாயா பெரும்பாலும் செயற்கை இழை. பழைய கேமராக்களில் சில அகச்சிவப்பையும் சேர்த்துப் பதிவு செய்து இத்தகைய கறுப்பை ஊதாவாகக் காட்டும். 2006-இல் வந்த லைக்கா M8-இல் இது பெரிய புகாராகி, லென்ஸுக்கு முன்னால் போட ஃபில்டர் கொடுத்தார்கள். உங்கள் படத்தில் துணி மட்டும் ஊதா அடித்தால் வொய்ட் பேலன்ஸை மாற்றாதீர்கள், முகம் கெட்டுவிடும். துணி மாஸ்க்கில் Saturation-ஐ இறக்குங்கள்.

பட்டுக்கோட்டை, ஃபிளெக்ஸ் கடை: கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ்க்கு வக்கீல் ஒருத்தர் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்திருக்கு. கறுப்புக் கோட்டும் பின்னணி இருட்டும் ஒண்ணாயிடுச்சு. நாளைக்குக் காலையில மாட்டணும்.

ஐ-டிராப்பரை வைத்துக் கோட்டின் மேல் நான்கைந்து இடத்தில் பாருங்கள். 0, 0, 0 என்று வந்தால் அங்கே கோட்டே இல்லை, ஏற்றுவதற்கு ஒன்றும் கிடையாது. 5, 8 என்று வந்தால் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் ஜேபெக் சுருக்கத்தில் அது கட்டம் கட்டமாகத்தான் எழும்பும். அதனால் கோட்டைத் தொடாமல் பின்னணியை ஏற்றுங்கள். தோள் ஓரத்தை வெட்டி, பின்னால் மங்கலான சாம்பல் நீலம் வைத்தால் கோட்டின் உருவம் தானாகப் பிரிந்துவிடும். வெள்ளைக் கழுத்துப்பட்டையும் முகமும் அப்படியே இருக்கட்டும். குடும்பத்தில் யாரிடமாவது அசல் ஃபைல் இருந்தால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், இன்று ராத்திரிக்குள் வந்தாலும் நேரம் இருக்கிறது.